ஒரு டம்ளர் கூழில் எவ்வளவு மாவுச்சத்து? தராசு வைத்துப் பார்த்த கதை

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலை உணவில் மாவுச்சத்து 30 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று உணவு ஆலோசகர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். இட்லி, தோசைக்கு இதைக் கணக்குப் பார்ப்பது சுலபம், எண்ணிக்கை இருக்கிறது. கூழுக்கு என்ன செய்வது? சித்திரை வெயில் தொடங்கியதும் எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ்தான். "ஒரு டம்ளர் கூழ் எவ்வளவு?" என்று போனில் தேடினால் 60 கலோரியிலிருந்து 200 வரைக்கும் வருகிறது. எல்லாமே சரியாக இருக்கலாம், எல்லாமே தப்பாகவும் இருக்கலாம். எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், டம்ளர் எவ்வளவு பெரிது என்று யாரும் சொல்வதில்லையே.

தண்ணீருக்குக் கலோரி கிடையாது. அதனால் டம்ளருக்குள் எத்தனை கிராம் மாவு போகிறது என்று தெரிந்தால் போதும், மீதி பெருக்கல் கணக்குதான். வீட்டில் கிண்டும் கூழுக்கு இதைக் கண்டுபிடிப்பது எளிது. தள்ளுவண்டியில் வாங்கும் கூழுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் பானை. அம்மா செய்யும் முறை சென்னைப் பக்கத்தில் பலரும் செய்வதுதான். முதல் நாள் காலையில் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார். மாலையில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவார். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ராத்திரி முழுக்க அப்படியே ஆறிவிடும். காலையில் அதிலிருந்து ஒரு கை அள்ளி, மோரும் உப்பும் போட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிப்பது.

நான் செய்ததெல்லாம் மூன்று இடத்தில் தராசை நுழைத்ததுதான். "கையால அள்ளிப் போடுறதுக்கு எதுக்குடா தராசு?" என்று அம்மா கேட்டார். ஆனாலும் விட்டுவிட்டார்.

மாவு 200 கிராம், நொய் 50 கிராம். இவற்றை எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும், டம்ளரால் அளக்கக் கூடாது. மெஷினில் அரைத்துக் கொண்டுவந்த மாவு பொலபொலவென்று இருக்கும். அதே மாவு டப்பாவில் நாலு நாள் இருந்தால் அமுங்கிவிடும். ஒரே டம்ளரில் இரண்டையும் அளந்தால் எடை கணிசமாக வேறுபடும். அடுத்தது காலிப் பாத்திரத்தின் எடை, எங்களுடையது 640 கிராம். இதை முதலிலேயே குறித்து வைக்காவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கூழ் நிறைந்த பாத்திரத்தைக் காலி செய்து எடைபோட யாருக்கும் பொறுமை இருக்காது. மூன்றாவது, மறுநாள் காலையில் பாத்திரத்தோடு கூழின் எடை. அது 1,990 கிராம் காட்டியது. பாத்திரத்தைக் கழித்தால் கூழ் மட்டும் 1,350 கிராம்.

காலையில் எடைபோடுவதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் ஆவி போய்க்கொண்டே இருக்கும், எடை நிலைக்காது. சூடான பாத்திரத்தைக் கண்ணாடித் தராசின் மேல் வைத்தால் எண் அங்கும் இங்கும் ஓடும், தராசும் கெட்டுப்போகும். தவிர, அள்ளிக் குடிக்கப்போவது காலையில் இருக்கும் கூழைத்தான். சிலர் மேலே ஆடை கட்டாமல் இருக்க ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு எடைபோடுங்கள்.

இனி கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 321 கலோரி, மாவுச்சத்து 66.8 கிராம். தீட்டிய பச்சரிசியில் 356 கலோரி, மாவுச்சத்து 78.2 கிராம். ஆக, 200 கிராம் கேழ்வரகுக்கு 642 கலோரி, 50 கிராம் நொய்க்கு 178. பானை முழுக்க 820 கலோரி. மாவுச்சத்து 134-ம் 39-ம் சேர்ந்து 173 கிராம். இதை 1,350-ஆல் வகுத்தால் 100 கிராம் கெட்டிக் கூழுக்கு 61 கலோரி, ஏறத்தாழ 13 கிராம் மாவுச்சத்து.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய அட்டவணையைப் பார்த்தால் கேழ்வரகுக்கு மாவுச்சத்து 72 கிராம் என்று இருக்கும். பல இணையதளங்கள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் போடுகின்றன. எது சரி என்று குழம்ப வேண்டாம், இரண்டும் கணக்கிட்ட விதம் வேறு. 100 கிராமிலிருந்து ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல், நார் எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தை மாவுச்சத்து என்று எழுதுவார்கள். பழைய அட்டவணையில் நார் என்று கழித்தது முரட்டு நாரை மட்டும், வெறும் 3.6 கிராம். புதியதில் நாரை முழுதாக அளந்து 11.2 கிராம் கழித்திருக்கிறார்கள். ஈரமும் இரண்டில் வேறு வேறு. அதனால் புதிய அட்டவணையின் 66.8-லிருந்து "நார் போகத்தான் சர்க்கரை ஏறும்" என்று இன்னொரு தடவை 11 கிராமைக் கழிக்கக் கூடாது. ஏற்கெனவே கழித்தாகிவிட்டது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் மாவுச்சத்தைக் குறைத்து எண்ணினால் மருந்தளவும் சேர்ந்து தப்பும்.

சரி, டம்ளருக்கு வருவோம். அம்மா ஒரு கை அள்ளிப் போட்டதைத் தராசில் பிடித்தேன். 150 கிராம் உருண்டை. அதில் 91 கலோரி, 19 கிராம் மாவுச்சத்து. மோர் 100 கிராம் ஊற்றினார். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று கடைந்த மோர் அது. 100 கிராம் பசும்பால் தயிரில் 60 கலோரி, 3 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், இந்த மோரில் 15 கலோரியும் முக்கால் கிராம் மாவுச்சத்தும்தான். மொத்தத்தில் 250 கிராம் பிடிக்கும் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு 106 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. மோருக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் 91, 19. மோரா தண்ணீரா என்பது மாவுச்சத்தைப் பொறுத்தவரை பெரிய விஷயமே இல்லை. உருண்டை எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. அதே டம்ளரில் 200 கிராம் உருண்டை போட்டுக் கொஞ்சமாக மோர் ஊற்றினால் மாவுச்சத்து 26 கிராமுக்குப் போய்விடும். குடிக்கும்போது "இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்று மட்டும்தான் தோன்றும்.

ராத்திரி முழுக்கப் புளித்ததில் மாவுச்சத்து குறையாதா என்று தம்பி கேட்டான். கொஞ்சம் குறையும், நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்குவதுதான் அந்தப் புளிப்பு. ஆனால் ஒரு ராத்திரியில் போவது சொற்பம், நான் கழிப்பதில்லை. ஆறிய கூழில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பதும் உண்மைதான். அதை வீட்டுத் தராசால் அளக்க முடியாது, அதனால் அதையும் கழிப்பதில்லை.

இப்போது தள்ளுவண்டி. பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா காலை எட்டு மணிக்கே குண்டான்களோடு வந்துவிடுவார். காய்கறிக் கடைக்குப் போகும்போது அம்மா அங்கே ஒரு சொம்பு குடித்துவிட்டு வருவது வழக்கம். அந்தச் சொம்பில் எத்தனை கிராம் மாவு? அக்காவிடம் கேட்டால் படிக்கணக்கில்தான் சொல்வார். தண்ணீரும் மோரும் ஆள் வரவர ஊற்றிக்கொண்டே இருப்பார். கேட்டுப் பயனில்லை. வேறு வழி, தண்ணீரை முழுக்க விரட்டிவிட்டு மிச்சத்தை எடைபோடுவது.

தூக்கு எடுத்துக்கொண்டு போய், "அக்கா, ஒரு சொம்பு, உப்பும் மோரும் போடாம கரைச்சுத் தாங்க" என்றேன். "உப்பில்லாம எப்டிப்பா தொண்டைல எறங்கும்?" என்று கேட்டுவிட்டுத் தந்தார். உப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம், காய வைத்தால் உப்பும் மாவோடு சேர்ந்து தட்டில் நின்றுவிடும். 300 கிராம் கூழில் நூற்றுக்கு ஒன்று உப்பு இருந்தாலே 3 கிராம். மாவே 27 கிராம் அளவில் இருக்கும்போது அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை. மோரும் அப்படித்தான், அதன் திடப்பொருளும் சேர்ந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்து எடைபோட்டால் ஒரு சொம்புக் கூழ் 430 கிராம். வீட்டு டம்ளரைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். சொம்பு சின்னதாகத்தான் தெரியும், பிடிப்பது இவ்வளவு.

காய வைக்கும் முறை இது. தூக்கை நன்றாகக் கலக்கிவிட்டு உடனே 300 கிராமை ஒரு அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றினால் மேலே தெளிந்த நீர்தான் வரும், மாவு அடியில் தங்கிவிடும். கரைத்த கூழைக் கொஞ்ச நேரம் வைத்தாலே இரண்டு அடுக்காகப் பிரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டின் காலி எடையையும் முன்பே குறித்திருக்க வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை மூடிபோல வைத்துவிட வேண்டும். ஆவிச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் கருகாது. நேராக அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும், கருகினால் எடையும் குறையும், கணக்கு போயிற்று. மேலே ஆடை கட்டினால் ஸ்பூனால் கிழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும். ஸ்பூனில் ஒட்டியதைத் தட்டிலேயே வழித்துவிடுங்கள்.

களிப்பதம் வந்ததும் மெல்லிசாகப் பரப்பி, கேக் சுடும் சின்ன ஓவனில் 105 டிகிரியில் வைத்தேன். வீட்டு ஓவனின் திருகு சொல்லும் டிகிரியை முழுக்க நம்ப முடியாது, கொஞ்சம் பழுப்பேறுவது தெரிந்தால் குறைத்துவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து எடைபோட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எடை வந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். வடாம் உடைவதுபோல் சடக்கென்று உடையும் தகடாகிவிடும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சென்னையில் இதில் ஒரு தொல்லை உண்டு. ஓவனிலிருந்து எடுத்த அந்தத் தகடு கடற்காற்றின் ஈரத்தை உடனே இழுக்க ஆரம்பிக்கும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் வைத்தால் எண் கண்ணெதிரே ஏறுவது தெரியும். அதனால் தகடுகளைச் சுரண்டி, எடை தெரிந்த மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஆறவைத்து எடைபோட்டேன். 1 கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசாக இருந்தால் 100 கிராம் கூழைக் காய வைத்துப் பயனில்லை. மிஞ்சுவதே 9 கிராம்தான், அதில் ஒரு கிராம் அப்படி இப்படி என்றால் முடிவை எங்கே நம்புவது? 300 கிராமாவது எடுக்க வேண்டும்.

வண்டிக் கூழில் மிஞ்சியது 26.8 கிராம். அதாவது நூற்றுக்கு 9 பங்கு.

இதை அப்படியே மாவு எடை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாம் வாங்கும் கேழ்வரகு மாவிலேயே நூற்றுக்குச் சுமார் 11 பங்கு ஈரம் இருக்கிறது, அட்டவணையின் எண்கள் அந்த ஈரத்தோடு சேர்த்துத்தான். ஓவனில் காய்ந்தது முற்றிலும் உலர்ந்தது. எங்கள் வீட்டு விகிதத்துக்கு, அதாவது நான்கு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு நொய்க்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் உலர்ந்த ஒரு கிராமுக்கு 3.7 கலோரி, 0.77 கிராம் மாவுச்சத்து வருகிறது. ஓவன் இல்லாதவர்கள் ஆவியில் களிப்பதம் வரை கொண்டுவந்து, பிறகு மொட்டை மாடியில் வடாம் மாதிரி வெயிலில் காய வைக்கலாம். வெயிலில் காய்ந்ததில் ஏறத்தாழ மாவில் உள்ள அளவு ஈரம் நின்றுவிடும் என்பதால் மாவின் எண்களையே நேராகப் பெருக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் தோராயம்தான், ஆனால் மோசமில்லை.

இந்த முறை நம்பக்கூடியதா என்று பார்க்க முதலில் வீட்டுக் கூழையே காய வைத்துப் பார்த்திருந்தேன். கணக்குப்படி 100 கிராம் கெட்டிக் கூழில் 16.5 கிராம் உலர் பொருள் இருக்க வேண்டும். சின்னத் தராசில் 16.1 வந்தது. புளிப்பில் போனது, தட்டில் ஒட்டியது எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டேன். வண்டிக் கூழுக்கு இது போதுமான துல்லியம்.

ஆக ஒரு சொம்புக்கு 38 கிராம் உலர் பொருள். சுமார் 140 கலோரி, மாவுச்சத்து 30 கிராமுக்கு ஒட்டி வருகிறது. வீட்டில் மோர் ஊற்றிக் கரைத்த கூழைவிட வண்டிக் கூழ் நீர்த்ததுதான், 100 கிராமுக்கு 8 கிராம் மாவுச்சத்து இருந்த இடத்தில் அங்கே 7. நாக்குக்கும் அப்படித்தான் தெரியும், "அந்தக் கூழ் தண்ணிடா" என்பார் அம்மா. ஆனால் சொம்பு பெரிது. அந்தத் தண்ணிக் கூழில் ஒரு சொம்பு குடித்தாலே காலைக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்துவிடுகிறது. பாதி குடித்ததும் அக்கா அன்பாக மேலே ஊற்றுவாரே, அது கணக்கில் இல்லை.

இதற்கு எல்லை உண்டு. நான் எடுத்தது காலை எட்டு மணிக் கூழ். பதினோரு மணிக்குக் குண்டானில் மிச்சமிருப்பது எவ்வளவு நீர்த்திருக்கும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. காய வைத்துப் பார்ப்பதில் எத்தனை கிராம் என்று தெரியும், என்ன மாவு என்று தெரியாது. கம்பு கலந்திருந்தால் மாவுச்சத்து சற்றுக் குறையும், நொய் கூடுதலாக இருந்தால் ஏறும். சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் இந்த எடை சொல்லாது. அதற்கு விரலில் குத்திப் பார்க்கும் கருவிதான். கூழ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார் அம்மா.

தொட்டுக்கொள்வதையும் சொல்ல வேண்டும். மாங்காய், வெங்காயம் பரவாயில்லை. மோர் மிளகாயும் வத்தலும் பொரிக்கும்போது குடிக்கும் எண்ணெய் ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 கிராம் என்றாலே 45 கலோரி. ஒரு டம்ளர் கூழில் பாதி. அரிசி வடாம் என்றால் மாவுச்சத்தும் சேரும்.

அரிசிக் கஞ்சிக்கும் இதே பானைக் கணக்குத்தான். 60 கிராம் நொய் போட்டு 600 கிராம் கஞ்சியாக இறக்கினால் 250 கிராம் டம்ளரில் 25 கிராம் அரிசி, 89 கலோரி, மாவுச்சத்து சுமார் 20 கிராம். கூழ் டம்ளருக்கும் இதற்கும் மாவுச்சத்தில் வித்தியாசமே இல்லை. கேழ்வரகில் நார் அரிசியைப்போல் நாலு மடங்கு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு, அது வேறு சங்கதி. "கேழ்வரகுதானே" என்று இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டால் மாவுச்சத்தும் இரண்டு மடங்குதான்.

வடிகஞ்சி மட்டும் தனி. அதில் எவ்வளவு அரிசி கரைந்திருக்கிறது என்று பானைக் கணக்கில் சொல்ல முடியாது, அரிசியின் வகைக்கும் குழைவுக்கும் தகுந்தபடி மாறும். எங்கள் வீட்டுப் புழுங்கலரிசி வடிகஞ்சியைக் காய வைத்தபோது 100 கிராமுக்கு 3 கிராம் மிஞ்சியது. டம்ளருக்கு 30 கலோரி, மாவுச்சத்து 7 கிராமுக்குள். அதில் இப்போது அம்மா மோரும் உப்பும் போட்டு, பதினோரு மணிக்கு வண்டிச் சொம்புக்குப் பதிலாகக் குடிக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வண்டிக்குப் போவதை மட்டும் விடவில்லை, அன்றைக்கு வீட்டில் காலை உணவு கிடையாது.